தெறித்த உப்பு எப்படிக் கூடும்?

செய்முறைக் கொப்பிகளைத் திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு வரிகள் மனப்பாடம்: "மனிதத் தவறுகளால் முடிவில் வேறுபாடு ஏற்பட்டிருக்கலாம். அடுத்த முறை மேலும் கவனமாகச் செய்வோம்." பரிசோதனை எதுவாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் இதுதான் இருக்கும். ஊசல் ஆட்டினாலும் இதுதான், அமிலத்தை நடுநிலையாக்கினாலும் இதுதான். எழுதிய பிள்ளை பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மை எதையும் சொல்லவும் இல்லை. எந்தப் பரிசோதனைக்கும் பொருந்துகிற ஒரு வசனம், செய்த அந்த ஒரு பரிசோதனையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

எங்கே பிழைத்தது, என்ன தெரிந்துகொண்டோம் என்று நேர்மையாக எழுதும் பந்தி ஏழெட்டு வசனங்களுக்கு மேல் போகத் தேவையில்லை. அந்த ஏழெட்டு வசனங்களுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து முழுதாகப் பார்க்கலாம். திருகோணமலையில் எந்தப் பாடசாலையும் செலவில்லாமல் செய்யக்கூடிய பரிசோதனை அது: கடல்நீரை வற்றவைத்து அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பிழைப்பதற்கு இதில் உள்ள வழிகள் ஏராளம், அவற்றில் பலவற்றை ஒரு பாடவேளைக்குள்ளேயே பிடித்தும் விடலாம்.

நகரத்துப் பாடசாலை ஒன்றின் 10ஆம் தரக் குழு செய்தது இப்படி. உப்புவெளிக் கடற்கரையில் போத்தலில் அள்ளிய நீரை வடிதாளில் வடித்து மணலை அகற்றினார்கள். அளவுச்சாடியில் 100 மில்லிலீற்றர் எடுத்தார்கள். வெறும் ஆவியாக்கற் கிண்ணம் இலத்திரன் தராசில் 62.40 கிராம். நீரை ஊற்றி, முக்காலியில் கம்பிவலை மீது வைத்து, பன்சன் சுடரில் இரட்டைப் பாடவேளை முழுக்கக் கொதிக்கவைத்தார்கள். கடைசியில் கஞ்சி போல் தடித்து, பட் பட்டென்று வெடித்து, கம்பிவலையிலும் மேசையிலும் வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. மணி அடித்துவிட்டது. உப்புக் காய்ந்த மாதிரித் தெரிந்ததால் அடுப்பை அணைத்து, கிண்ணத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை நிறுத்தார்கள். 66.71 கிராம். கிண்ணத்தைக் கழித்தால் 4.31.

எதிர்பார்த்தது எவ்வளவு? உலகக் கடல்களின் சராசரி, ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. 100 மில்லிலீற்றர் கடல்நீர் 102 கிராம் வரை நிற்கும், ஆகவே 3.57 கிராம் வரவேண்டும். வங்காள விரிகுடாவுக்குப் பெரிய ஆறுகளும் பெருமழையும் நன்னீரைக் கொண்டுவருவதால் நம்முடைய கடல் சராசரியைவிடச் சற்று உப்புக் குறைந்தது. 3.4க்கும் 3.6க்கும் இடையில் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ 4.31.

அவர்கள் எழுதிய பந்தி: "வெப்பமாக்கும்போது உப்புச் சிறிதளவு வெளியே தெறித்தது. தராசில் பிழை இருந்திருக்கலாம். திருகோணமலைக் கடலில் உப்பு அதிகமாக இருக்கலாம். மனிதத் தவறுகளும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை கவனமாகச் செய்வோம்."

முதல் வாசிப்பில் இது நல்ல பந்தி போலத்தான் தெரியும். ஒரு அவதானிப்பு இருக்கிறது, மூன்று காரணங்கள் இருக்கின்றன, ஒரு தீர்மானமும் இருக்கிறது. கொப்பியைத் திருத்திய ஆசிரியை மதிப்பெண் போடாமல் குழுவை அழைத்தார்.

"ரீச்சர், உப்புத் தெறிச்சது உண்மைதானே. அதத்தான் எழுதினோம்."

"தெறிச்சது உண்மைதான் மகள். தெறிச்சா கிண்ணத்துல உப்புக் கூடுமா, குறையுமா?"

திசை

அந்த ஒரு கேள்வியில் பந்தி முழுவதும் கழன்றுவிட்டது. உப்புத் தெறித்து வெளியே போனால் கிண்ணத்தில் எச்சம் குறையவேண்டும். கிடைத்ததோ கூடுதல். ஆகவே தெறித்தது இந்தக் கூடுதலுக்குக் காரணமாகவே முடியாது. அதைவிட முக்கியம், தெறித்தும்கூட 4.31 நிற்கிறதென்றால் உண்மையான மிகுதி நாம் காண்பதைவிடப் பெரியது. நடந்தது நடந்ததுதான், அதைக் கொப்பியிலிருந்து அழிக்கக்கூடாது. ஆனால் அதைக் காரணமாக வைக்கவும் கூடாது, ஏனென்றால் அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

பிழையைப் பற்றி எழுதும்போது முதலில் கேட்கவேண்டியது இதுதான்: இந்தப் பிழை முடிவைக் கூட்டுமா, குறைக்குமா? இதைக் கேட்காமல் எழுதும் பந்தியில், கண்ணில் பட்ட சம்பவங்களில் எது மறக்கமுடியாததோ அதுவே காரணமாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. பட்டென்று வெடித்துக் கையில் சுட்ட உப்பு நினைவில் நிற்கும். இரவு முழுக்கச் சத்தமில்லாமல் மேசையில் கிடந்த கிண்ணம் நினைவுக்கே வராது.

மற்றவற்றையும் இதே கேள்வியில் போட்டுப் பார்க்கலாம். கிண்ணத்தைக் கழுவிவிட்டு ஈரத்தோடு முதலில் நிறுத்திருந்தால்? வெறுங்கிண்ணத்தின் நிறை கூடிக் காட்டும், கழிக்கும்போது உப்புக் குறையும். எதிர்த்திசை. கடைசியில் கிண்ணத்தைச் சூட்டோடு தராசில் வைத்திருந்தால்? சூடான கிண்ணத்தைச் சுற்றிய காற்று மேலே எழுந்து தட்டைச் சற்றே தூக்கும், நிறை குறைந்து காட்டும். அதுவும் எதிர்த்திசை. திருகோணமலைக் கடலில் உப்பு அதிகம் என்ற ஊகமும் அப்படியே. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது, வடகீழ்ப் பருவமழைக்குப் பின் கரையோர நீரில் நன்னீர் கலந்திருக்கும். இடத்தையும் மாதத்தையும் பொறுத்து உப்புக் குறைய வழியுண்டு. 4.31 வரை ஏறுவதற்கு, வற்றிப்போன களப்பு நீரையோ உப்பளப் பாத்தி நீரையோ அள்ளியிருக்கவேண்டும். இதனால்தான் நீர் அள்ளிய இடத்தையும் திகதியையும் கொப்பியில் குறித்துவைக்க வேண்டும். இந்தக் குழு குறித்திருந்தது, அந்தளவில் நல்லது.

தராசுக்கு வருவோம். பிள்ளைகள் அதிகம் குறைசொல்லும் பொருள் அதுதான். தராசு பூச்சியத்தில் நிற்காமல் 0.20 கூட்டிக் காட்டியிருந்தால், வெறுங்கிண்ணத்திலும் 0.20 கூடும், உப்போடு நிறுக்கும்போதும் 0.20 கூடும். கழித்தால் இரண்டும் அடிபட்டுப்போகும். இடையில் யாராவது தராசைத் தட்டியிருந்தாலோ, ஒருநாள் ஒரு தராசிலும் மறுநாள் வேறொரு தராசிலும் நிறுத்திருந்தாலோதான் பிரச்சினை. அதைக் கண்டுபிடிப்பதும் எளிது, ஆய்வுகூடத்திலுள்ள 50 கிராம் படியை இரண்டு நாளும் ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும்.

ஆகவே கூட்டக்கூடியவை சிலவே மிஞ்சுகின்றன. வடிதாளைத் தாண்டிவந்த நுண்மணல். மஞ்சள் சுடரில் சூடாக்கியதால் கிண்ணத்தின் அடியில் படிந்த புகைக்கரி, இதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தால் எவ்வளவென்று அப்போதே தெரிந்துவிடும். நீர் அள்ளிய போத்தலை மூடாமல் நாள்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே வற்றிச் செறிந்த நீர். இவற்றோடு, போகாமல் நின்ற ஈரம்.

எவ்வளவு

திசை பொருந்தினால் மட்டும் போதாது, அளவும் பொருந்தவேண்டும். பிள்ளைகள் தயங்கும் இடம் இது, ஆனால் கணக்கு அவ்வளவு கடினமில்லை. அளவுச்சாடியில் பிறையுருவைத் தவறாகப் பார்த்து ஒரு மில்லிலீற்றர் கூட எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஒரு மில்லிலீற்றரில் உள்ள உப்பு 0.035 கிராம். மிகுதியோ 0.7க்கும் மேல். அதை இந்தத் தவறால் விளக்கவேண்டுமென்றால் இருபது மில்லிலீற்றர் கூட எடுத்திருக்கவேண்டும், 100 மில்லிலீற்றர்ச் சாடியில் அது நடக்காது. காரணம் சரியான திசையில் இருந்தாலும் அளவில் மிகச் சிறியது, தள்ளிவிடலாம். கரியும் நுண்மணலும் இந்த வகைதான், சில நூற்றிலொரு கிராமுக்கு மேல் போகாது.

ஈரம் அப்படியில்லை. கடல்நீரின் உப்பு என்பது வெறும் கறியுப்பு அல்ல. சோடியம் குளோரைட்டுத்தான் பெரும்பகுதி, ஆனால் ஒவ்வொரு கிலோகிராம் கடல்நீரிலும் ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியம் உண்டு. நீர் வற்றும்போது அது மகனீசியம் குளோரைட்டாகப் பளிங்காகும்போது ஒவ்வொரு மூலக்கூற்று அலகும் ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அந்த நீர் கண்ணுக்குத் தெரியாது, தொட்டாலும் ஈரமாக இராது, பளிங்குக்குள்ளே இருக்கும். கணக்கு இப்படி: 100 மில்லிலீற்றரில் 0.13 கிராம் மகனீசியம், அதாவது 0.0054 மூல். ஒரு மூலுக்கு ஆறு மூல் நீர் என்றால் 0.032 மூல், அதன் திணிவு 0.58 கிராம். கல்சியம் சல்பேற்றுப் பிடித்திருக்கும் நீரையும் சேர்த்தால் 0.6 கிராமைச் சற்றே தாண்டும்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பளிங்குக்குள் ஒளிந்திருக்கக்கூடிய நீர், உச்சமாக 0.6 கிராமளவு. பிள்ளைகளின் மிகுதி, எதிர்பார்ப்பை 3.6 என்று தாராளமாக வைத்தாலும் 0.71. பளிங்கு நீர் முழுவதையும் கணக்கில் எடுத்தபின்னும் இன்னும் கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைக் கொடுத்தது இரவு. மகனீசியம் குளோரைட்டுக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கரையும் பொருள். சாரீரப்பதன் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது குடிக்கத் தொடங்கிவிடும். கடலோரத் திருகோணமலையில் அதைவிடக் குறைந்த ஈரப்பதன் உள்ள இரவைத் தேடினாலும் கிடைக்காது. மழைக்காலமென்றால் சோடியம் குளோரைட்டும் சேர்ந்துகொள்ளும், அதன் எல்லை 75 சதவீதம். கார்த்திகை மார்கழியில் குசினியில் உப்புச் சாடியின் அடி கசிவதற்குக் காரணமும் அதுதான்.

இதைக் கண்ணால் காட்டலாம். உப்பை நன்றாகக் காயவைத்து ஆறிய கிண்ணத்தை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். முதலில் இலக்கம் அசையாது நிற்கும். சில நிமிடங்களில் கடைசி இலக்கம் ஒன்றால் ஏறும். பிறகு இன்னொன்று. யாரும் தொடவில்லை, எதுவும் போடவில்லை, கிண்ணம் பாரமாகிக்கொண்டே போகும். யன்னலைத் திறந்துவிட்டு மின்விசிறியையும் போட்டுவிட்டால் தராசே நடுங்கும், அதனால் விசிறியை மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள். இதை ஒருமுறை பார்த்த பிள்ளை அதன்பின் "மனிதத் தவறு" என்று எழுத மனம் வராது.

திரும்பச் சூடாக்கியபோது

ஆசிரியை கிண்ணத்தைக் கழுவவிடவில்லை. அநேகமான வகுப்புகளில் இழந்துபோவது இந்த வாய்ப்பைத்தான். நிறுத்து எழுதியவுடன் கிண்ணம் குழாயடிக்குப் போய்விடுகிறது, பிறகு எழுதுவதெல்லாம் ஊகம். பந்தி எழுதி முடியும்வரை எச்சத்தை வைத்திருக்கவேண்டும் என்பதை ஆய்வுகூட விதியாகவே வைக்கலாம்.

குழு மறுபடி சூடாக்கியது. இந்தத் தடவை சுடரைச் சிறிதாக்கி, தெறித்தால் தெரியவேண்டும் என்பதற்காகக் கிண்ணத்தின் மேல் கடிகாரக் கண்ணாடியைச் சற்றே சாய்த்து வைத்தார்கள். பதினைந்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு நிறுத்தபோது 66.31. மறுபடி பதினைந்து நிமிடம், 66.22. மூன்றாம் தடவை 66.21. அடுத்தடுத்த இரண்டு நிறைகள் 0.01க்குள் நின்றுவிட்டதால் இனிப் போகக்கூடிய ஈரம் இந்தச் சூட்டில் இல்லை என்று கொள்ளலாம். மாறாத் திணிவு வரும்வரை என்று செய்முறைப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான், ஒருமுறை நிறுத்துப் பார்த்ததோடு விட்டுவிடுவது அல்ல. எச்சம் இப்போது 3.81 கிராம். கண்ணாடியில் துகள் ஒட்டியிருக்கவில்லை, ஆகவே குறைந்த 0.50 கிராமும் நீர்தான், உப்பு அல்ல.

ஆறவிடும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆறாமல் நிறுத்தால் நிறை குறைந்து காட்டும், ஆறும்வரை திறந்து வைத்தால் உப்பு ஈரத்தைக் குடிக்கும். உலர்த்தி இருக்கும் பாடசாலைக்குக் கவலையில்லை. இல்லாத இடத்தில் இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் ஆறவைக்கலாம், டப்பா உருகாதபடி கிண்ணத்தின் அடியில் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைக்கற்றுகள் நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் நிறைந்தவையாக இருக்கும், உள்ளே உள்ள மணிகளைக் கொட்டி அடுப்பில் வறுத்த பின்தான் அவை பயன்படும்.

அப்படியானால் இன்னும் பலமாகச் சூடாக்கி 3.5க்குக் கொண்டுவந்துவிடலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி, விடை பலருக்குத் தெரியாதது. பளிங்கு நீரோடு இருக்கும் மகனீசியம் குளோரைட்டைப் பலமாகச் சூடாக்கினால் நீர் மட்டும் தனியாகப் போகாது. அந்த நீரோடு தாக்கம் நடந்து ஐதரசன் குளோரைட்டு வாயுவாகக் குளோரினும் வெளியேறும், கடைசியில் மகனீசியம் ஒட்சைட்டுத்தான் எஞ்சும். கிண்ணத்தின் மேல் நனைத்த நீலப் பாசிச்சாயத்தாளைப் பிடித்தால் சிவக்கும், மூக்கிலும் நெடி ஏறும். முழுவதும் அப்படி மாறினால் 100 மில்லிலீற்றர் கடல்நீரின் எச்சம் உண்மையான உப்பைவிட 0.3 கிராம் குறைந்துவிடும். ஆக, இளஞ்சூட்டில் காயவைத்தால் 4 கிராமளவிலும் கடுஞ்சூட்டில் காயவைத்தால் 3.2 அளவிலும் எண் வரும். இடையில் எங்கோ சுடரைத் திருகி நிறுத்தி 3.5 எடுத்தால் அது அளந்த எண் அல்ல, பாடப்புத்தகத்தைப் பார்த்து நாம் தெரிந்தெடுத்த எண்.

கடலியலாளர்களுக்கும் இதே தொல்லைதான் இருந்தது. 1902இல் உவர்ப்புத்தன்மைக்கு வரைவிலக்கணம் எழுதியபோது, காபனேற்றெல்லாம் ஒட்சைட்டாக மாறி, புரோமினும் அயடினும் இருந்த இடத்தைக் குளோரின் எடுத்து, சேதனப் பொருள் முழுவதும் ஒட்சியேறிய பின் எஞ்சும் திண்மம் என்று சுற்றிவளைத்துச் சொல்ல நேர்ந்தது இதனால்தான். நடைமுறையில் குளோரைட்டை நியமித்துப் பார்த்து உப்பைக் கணக்கிட்டார்கள். இப்போது நீரின் மின்கடத்துதிறனை அளக்கிறார்கள். யாரும் வற்றவைப்பதில்லை. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களில் வேலைசெய்கிறவர்களுக்கும் இது கைப்பழக்கமாகத் தெரியும். உப்புப் படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரை அதே பாத்தியில் வற்றவிட்டால் உப்புக் காயவே காயாது, எப்போதும் பிசுபிசுக்கும். மகனீசியம் அந்த நீரில்தான் தேங்கி நிற்கிறது, அதனால் அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளின் கிண்ணத்தில் அதை வெளியேவிட வழியில்லை.

எழுதும் தமிழ்

நம் செய்முறைக் கொப்பியின் நடை, செய்தவரை மறைக்கும் நடை. "நீர் எடுக்கப்பட்டது, வெப்பமாக்கப்பட்டது, நிறுக்கப்பட்டது." செய்முறையை விவரிக்கும் பகுதிக்கு அது பொருந்தும், யார் செய்தாலும் அதே படிகள்தானே. பிழைத்ததைச் சொல்லும் பந்திக்கு அது பொருந்தாது. "உப்புத் தெறித்தது" என்றால் உப்புத் தானாகத் தெறித்ததாகிவிடும். "கஞ்சிப் பதம் வந்தபின்னும் சுடரைக் குறைக்காமல் விட்டோம், அதனால் தெறித்தது" என்றால் அடுத்த தடவை எந்தக் கட்டத்தில் கை எங்கே போகவேண்டும் என்பது வசனத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. "கவனமாகச் செய்வோம்" என்ற தனி வசனம் அதன்பின் தேவைப்படாது. இந்தப் பந்தியில் மட்டும் "நாம்", "நான்" என்று எழுத ஆசிரியர்கள் வெளிப்படையாக அனுமதிக்கவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் மதிப்பெண் குறையுமோ என்று பயந்து "பட்டது"க்குள்ளேயே ஒதுங்கிவிடுவார்கள்.

"இருக்கலாம்" என்ற சொல்லும் அப்படித்தான். முதல் பந்தியில் அது மூன்று முறை வருகிறது, மூன்றிலும் சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் விட்டதை மூடுகிறது. தராசில் பிழை இருந்திருக்கலாம் என்றால், படியை வைத்துப் பார்த்தீர்களா? பார்த்தால் "இருந்தது" அல்லது "இல்லை" என்று எழுதலாமே. சோதிக்க முடியாதபோது "இருக்கலாம்" நேர்மையான சொல்தான், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே "இதை நாம் சோதிக்கவில்லை" என்று நிற்கவேண்டும்.

ஆசிரியர் பக்கத்திலும் ஒன்று. 3.5க்கு எவ்வளவு கிட்ட வந்தது என்று பார்த்து மதிப்பெண் போடும் வகுப்பில் 4.31 என்ற எண் கொப்பிக்கு வராது, 3.48 என்றுதான் வரும். இந்த முறையால் 3.48 வருவது எவ்வளவு அரிது என்பதை மேலே பார்த்தோம்.

குழு இரண்டாம் தடவை எழுதியது இது:

"100 மில்லிலீற்றர் கடல்நீரிலிருந்து 4.31 கிராம் எச்சம் கிடைத்தது. எதிர்பார்த்தது 3.4 முதல் 3.6 கிராம். கஞ்சிப் பதத்தில் சுடரைக் குறைக்காததால் உப்புத் தெறித்து வீணானது, ஆனால் அது எச்சத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. காயவைத்த கிண்ணத்தை மூடாமல் ஓர் இரவு மேசையில் விட்டுவிட்டு நிறுத்தோம். மூன்று தடவை மறுபடி சூடாக்கியபோது 3.81 கிராமில் நின்றது, ஆகவே முதல் நிறையில் 0.50 கிராம் ஈரம். இன்னும் கூடுதலாக உள்ள 0.2 முதல் 0.4 கிராம் மகனீசியம் குளோரைட்டு பிடித்திருக்கும் நீராக இருக்கலாம், கணக்கின்படி அது 0.6 வரை போகலாம், ஆனால் இதை நாம் சோதிக்கவில்லை. வற்றவைத்து நிறுக்கும் முறையால் கடல்நீரின் உப்பைச் சரியாகச் சொல்லமுடியாது என்று அறிந்தோம். அடுத்த தடவை காய்ந்த கறியுப்பு 3.50 கிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து இதே முறையில் வற்றவைத்து, தெறித்து இழப்பது எவ்வளவென்று பார்ப்போம்."

இதில் எனக்குப் பிடித்தது கடைசி வசனம். கறியுப்பில் மகனீசியம் அநேகமாக இல்லை, பளிங்கு நீரின் குழப்பம் வராது. எவ்வளவு போட்டோம் என்பது முன்பே தெரியும், திரும்பக் கிடைப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் நம் கையால் இழந்தது. இழப்பும் ஈரமும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் இழப்பை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் வழி அது. முதல் பந்தியில் காரணமாகத் தவறிப் புகுந்த தெறித்தலுக்கு இங்கே சரியான இடமும் கிடைத்துவிடுகிறது. பாடவேளை போதாது என்றால் குழாயியால் 25 மில்லிலீற்றர் எடுத்துச் செய்யலாம், நேரம் காற்பங்காகும். ஆனால் எச்சமும் ஒரு கிராமுக்குக் கீழே போய்விடும், இரண்டு நிறைகளிலும் 0.01 கிராம் பிழைத்தாலே முடிவு இரண்டு சதவீதம் ஆடும். அந்த விலையைத் தெரிந்துகொண்டுதான் குறைக்கவேண்டும்.

அடுத்த கிழமை அதைச் செய்தார்கள், சுடரை முதல் தடவை போலவே குறைக்காமல். 3.50 போட்ட இடத்தில் மாறாத் திணிவு 3.41. பழைய பந்தியை அழிக்காமல், அதன் கீழே திகதி போட்டு ஒரு வரி சேர்த்தார்கள்: "தெறித்து இழந்தது இம்முறை 0.09 கிராம். கடல்நீரிலும் இதே அளவு இழந்திருந்தால் எச்சம் 3.81 அல்ல, 3.90. மகனீசியம் பிடித்த நீர் நாம் நினைத்ததைவிடக் கூட."